மரத்திலிருந்து விழுந்தவருக்குச் சிறுநீர் ஏன் கட்டுகிறது: ஏற்காட்டு, சேலத்து வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

சேலத்தில் தண்டுவடத்தில் அடிபட்டவர்களைப் பார்க்கும் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மிளகு பறிக்கும் மாதங்கள் வந்துவிட்டால் ஏற்காட்டு மலையிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவார்கள். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஏணி வழுக்கினால் நேராகத் தரைதான். கால் எப்போது வரும் என்று வீட்டார் எல்லார் எதிரிலும் கேட்பார்கள். சிறுநீரைப் பற்றிய சந்தேகம் மட்டும் கூட்டம் போன பிறகு, மெதுவான குரலில் வரும். அப்படி என்னிடம் கேட்டவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

நடுநடுவே ஒரு தம்பி வருவார். வயது 34, மலையில் தோட்டவேலை. விழுந்ததில் முதுகில் டி8 என்ற எலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. அவர் பெயர் இங்கே வேண்டாம்.

அடி முதுகுலதானே சிஸ்டர், மூத்திரப்பைக்கு என்ன ஆச்சு?

பைக்கு ஒன்றும் ஆகவில்லை. சிறுநீரகம், குழாய், பை எல்லாம் முழுசாக இருக்கின்றன. அந்தப் பைக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் தண்டுவடம்தான் அறுபட்டிருக்கிறது. கால் எலும்பு உடையாமலே கால் அசையாமல் போகிறதல்லவா, பையின் கதையும் அதேதான். நரம்புக் கோளாறால் வந்த சிறுநீர்ப்பைப் பிரச்சினை என்று டாக்டர் சொல்வதற்கு இதுதான் பொருள்.

ஒரு வித்தியாசம் உண்டு. கால் அசையாவிட்டால் அப்படியே கிடக்கும். சிறுநீரகமோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மில்லி வீதம் இரவு பகலாகச் சிறுநீரை இறக்கிக்கொண்டே இருக்கும். பை அதை வாங்கித்தான் ஆகவேண்டும். அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது.

நமக்கெல்லாம் எப்படி அடக்கவும் முடியுது, போகவும் முடியுது?

இரண்டு தசைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பையின் சுவரே. அது இறுகினால் சிறுநீர் வெளியே தள்ளப்படும். இன்னொன்று பைக்குக் கீழே குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி இருக்கும் சுருக்குத்தசை. அது இறுகினால் வாய் மூடிக்கொள்ளும். நிரம்பும்போது சுவர் தளர்ந்து, மோதிரம் இறுகியிருக்க வேண்டும். போகும்போது சுவர் இறுகி, மோதிரம் தளர வேண்டும். ஒன்று இறுகினால் மற்றது விட்டுக்கொடுக்கும். எப்போதும் எதிரெதிராகத்தான்.

இறுக்குவதற்கான கட்டளை தண்டுவடத்தின் அடிநுனியிலிருந்து, எஸ்2 முதல் எஸ்4 வரை உள்ள நரம்புகள் வழியாக வருகிறது. பையைச் சுருக்குவதும் அங்கிருந்துதான், மோதிரத்தை இறுக்குவதும் அங்கிருந்துதான். நிரம்பும் நேரத்தில் சுவரைத் தளர்வாக வைத்துக்கொள்ள, அதற்குக் கொஞ்சம் மேலே முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் வேறு நரம்புகள் உதவுகின்றன. ஆனால் இரண்டு தசையையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடும் சுவிட்ச் அங்கே இல்லை. அது மூளைத்தண்டில், பான்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. பூனைகளை ஆராய்ந்து 1925-ல் பாரிங்டன் என்ற ஆய்வாளர் அதைக் கண்டறிந்தார். அந்தச் சுவிட்சை ‘இப்போது வேண்டாம், வீடு போய்ச் சேரட்டும்’ என்று பிடித்துவைப்பது அதற்கும் மேலே, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளை.

பை 150 முதல் 250 மில்லி நிரம்பும்போது முதல் உணர்வு வரும். 400, 500 வரை பெரியவர்கள் தாங்குவார்கள். ஏற்காட்டிலிருந்து பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும் வரை நாம் அடக்கிக்கொண்டு வருகிறோமே, அந்த நேரம் முழுக்க இந்த மூன்று இடமும் பேசிக்கொண்டே இருக்கின்றன.

ஆஸ்பத்திரில இருந்தப்போ மூத்திரமே தானா வரல. இப்போ வருது. குணமாகிட்டு வருதுன்னுதானே அர்த்தம்?

இந்தக் கேள்வியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தண்டுவடத்தில் அடிபட்டவுடன், அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள பகுதி முழுக்க அதிர்ச்சியில் உறைந்துவிடும். அனிச்சைச் செயல்கள்கூட இருக்காது. பை தொளதொளவென்று நிரம்பிக்கொண்டே போகும், சுருங்காது. அதனால்தான் முதல் நாளே டியூப் போட்டு, வெளியே தொங்கும் பிளாஸ்டிக் பையில் சிறுநீரை விடுகிறார்கள். பல வாரம், சிலருக்கு 3 மாதம்வரை இப்படி இருக்கும். அப்புறம் அடிநுனி நரம்புகள் விழித்துக்கொள்ளும். மேலே மூளையோடு தொடர்பு இல்லாமல், தாமாகவே வேலை செய்யத் தொடங்கும். கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிப்பதும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான்.

அந்தத் தம்பிக்கு ஏழாவது வாரத்தில் டியூபை எடுத்தார்கள். வீட்டில் அடிவயிற்றைத் தட்டினால் திடுமெனக் கொஞ்சம் வரும், நிற்கும், மறுபடி வரும். அவர் அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டார். ஆனால் அது குணமானதன் அடையாளம் இல்லை. முந்தைய பதிலில் சொன்ன சுவிட்சிலிருந்து வரும் வழி டி8-ல் அறுபட்டுக்கிடக்கிறது. பை நிரம்பினால் அடிநுனி நரம்பு சுவரை இறுக்குகிறது. அதே நேரத்தில் மோதிரத்தையும் இறுக்குகிறது. விட்டுக்கொடுக்கச் சொல்ல மேலே ஆள் இல்லை. மூடிய வாயின் மேல் பை முட்டி மோதுகிறது. மோதிரம் அசந்த நொடியில் கொஞ்சம் சிந்துகிறது. விட்டு விட்டு வந்தது அதனால்தான்.

கொஞ்சமோ நிறையவோ வருதுல்ல? உள்ள மிச்சம் இருந்தா என்ன கெட்டுப்போச்சு?

மிச்சம் இருப்பது ஒரு தொந்தரவு. அது கிருமிக்கு இடம் கொடுக்கும். அதைவிடப் பெரியது பைக்குள் ஏறும் அழுத்தம். என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கம் முழுக்க நீங்கள் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: எவ்வளவு வெளியே வருகிறது என்பதைவிட, உள்ளே எவ்வளவு அழுத்தம் என்பதுதான் சிறுநீரகத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய்கள் பென்சிலைவிட மெலிதானவை. அவை மெல்லச் சுருங்கிச் சுருங்கிச் சிறுநீரைப் பைக்குள் தள்ளுகின்றன. பைக்குள் எதிர் அழுத்தம் குறைவாக இருந்தால்தான் அது நடக்கும். அழுத்தத்தை நீர்மட்ட உயரத்தில் அளப்பார்கள். பையில் ஒரு நேர்க்குழாயைச் செருகி நிறுத்தினால் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறும் என்பதுபோல. பை நிரம்பும் நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும் நிலை தொடர்ந்தால், மேலிருந்து இறங்கும் சிறுநீர் இறங்க வழியில்லாமல் சிறுநீரகத்திலேயே தேங்குகிறது. சிலருக்குப் பையிலிருந்து மேலே திரும்பியும் போகும். அந்த 40 என்ற கணக்கு, பிறவியிலேயே தண்டுவடக் குறை உள்ள குழந்தைகளை மெக்குவயர் என்ற டாக்டரின் குழு தொடர்ந்து பார்த்து 1981-ல் சொன்னது. இன்றுவரை அதைத்தான் எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறார்கள்.

இதில் மோசம் என்னவென்றால் வலிக்காது. உணர்வு இல்லாத உடம்பு சொல்லாது. அந்தத் தம்பிக்கு டியூப் எடுத்து மூன்று மாதம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வந்தது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் லேசாக வீங்கியிருந்தன. ‘போய்விட்டேன்’ என்று அவர் சொன்ன பிறகும் பையில் 280 மில்லி இருந்தது. அந்த மூன்று மாதமும் வீட்டில் எல்லோரும் நல்லபடியாகப் போகிறது என்றே நினைத்திருந்தார்கள்.

யூரோடைனமிக் டெஸ்ட்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஸ்கேன்லயே தெரியாதா?

ஸ்கேன் காட்டுவது நடந்து முடிந்த சேதத்தை. வீங்கியிருக்கிறதா, மிச்சம் எவ்வளவு என்று சொல்லும். அழுத்தத்தை அது அளக்காது.

இந்தச் சோதனையில் மெல்லிய குழாய் ஒன்றைப் பைக்குள்ளும், இன்னொன்றை ஆசனவாயிலும் வைப்பார்கள். பைக்குள் உப்புத் தண்ணீரை மெதுவாக ஏற்றிக்கொண்டே அழுத்தத்தைப் பார்ப்பார்கள். இருமினாலும் வயிறு அழுத்தி அங்கே அழுத்தம் ஏறுமல்லவா, அதனால் ஆசனவாயில் அளந்த வயிற்று அழுத்தத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பைச் சுவரின் சொந்த அழுத்தம். மோதிரத் தசை இறுகுகிறதா என்று பார்க்கப் பக்கத்தில் பட்டைகள் ஒட்டுவார்கள். வேகமாக ஏற்றினால் பை பதறிப் பொய்க் கணக்குக் காட்டும், அதனால் நேரம் எடுக்கும். அவசரப்படுத்தாதீர்கள்.

அந்தத் தம்பியின் தாளில் இருந்தது இது: 180 மில்லி ஏறும்வரை அமைதி. அங்கே பை திடுமெனச் சுருங்கியது, அழுத்தம் 75-க்குப் போனது, அதே நொடியில் மோதிரத்தின் கோடும் எகிறியது, கொஞ்சம் சிந்தியது. இத்தனையும் ஒரே கோட்டுப்படத்தில் தெரிந்தது. சோதனை அன்று சிறுநீர்க் கிருமித் தொற்று இருந்தால் தள்ளிவைப்பார்கள். எனவே போவதற்கு முன் காய்ச்சல், கலங்கல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்க மாமனாருக்குப் பக்கவாதம். அவருக்கும் அவசரமா வந்து வேட்டியிலயே போயிடுது. அவருக்கும் இதே டியூப்தானா?

பெரும்பாலும் வேண்டியிருக்காது. பக்கவாதத்தில் கெடுவது சுவிட்சுக்கு மேலே உள்ள மூளை. பிடித்துவைக்கும் கை தளர்ந்துவிட்டதால் பை கொஞ்சம் நிரம்பியதுமே சுவிட்ச் விழுந்துவிடுகிறது. ஆனால் சுவிட்சும் அதற்குக் கீழே உள்ள வழியும் நன்றாக இருப்பதால் மோதிரம் ஒழுங்காகத் தளர்கிறது. பை முழுசாகக் காலியாகும், அழுத்தம் தேங்காது. அவருக்குத் தேவை நேரம் வைத்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும், படுக்கை பக்கத்தில் யூரின் கேனும், தேவைப்பட்டால் மாத்திரையும்.

இருந்தாலும் ஒருமுறை போன பிறகு மிச்சத்தை ஸ்கேனில் பார்த்துவிடுங்கள். அந்த வயதில் புராஸ்டேட் வீங்கி அடைப்பும் இருக்கலாம். அப்போது ஒழுகல் ஒன்றாகத் தெரியும், காரணம் இரண்டாக இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பையனும் மரத்துல இருந்து விழுந்தவன்தான். அவனுக்கு அடிவயித்த அமுக்கினா வந்துடுது. எங்களுக்கும் அப்படிச் செய்யலாமா?

செய்யாதீர்கள். விழுந்த மரம் ஒன்றாக இருக்கலாம், முறிந்த எலும்பு வேறு. தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் வருவதில்லை. இடுப்புக்குச் சற்று மேலேயே, எல்1 எலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. அதனால் பையை ஆளும் எஸ்2 முதல் எஸ்4 வரையான பகுதி டி12, எல்1 எலும்புகளுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறது. உயரத்திலிருந்து விழுபவர்களுக்கு மிக அதிகமாக நொறுங்குவதும் அந்த இடம்தான். அங்கே அடிபட்டால் அடிநுனி நரம்பே செத்துவிடுகிறது. பை சுருங்காது, மோதிரமும் தளர்ந்து கிடக்கும். அது பொங்கி வழியும் பை. அந்தப் பையனுக்கு அமுக்கினால் வருவது அதனால்தான்.

டி8-ல் அடிபட்டவருக்கு மோதிரம் உயிரோடு இருக்கிறது, இறுகவும் செய்கிறது. மூடிய வாயின் மேல் கையால் அமுக்கினால் ஏற்கெனவே 75-ல் நிற்கும் அழுத்தத்தை நாமே இன்னும் ஏற்றுகிறோம். தட்டிப் போகவைப்பதும் அதே கணக்குதான். அந்தப் பையனுக்கும் அமுக்குவதை டாக்டர் கேட்டால் நிறுத்தத்தான் சொல்வார். அடிநுனியில் அடிபட்ட சிலருக்குச் சில மாதங்கள் போன பிறகு பைச் சுவர் விறைத்துப்போய் அழுத்தம் ஏறும். கையால் அமுக்கினால் மூலமும் குடலிறக்கமும்கூட வரும்.

யார் எந்த வகை என்று எக்ஸ்ரேயை மட்டும் வைத்துச் சொல்லக்கூடாது. ஆசனவாயைச் சுற்றித் தொட்டால் அது சுருங்குகிறதா என்று டாக்டர் பார்ப்பது இதற்காகத்தான். சுருங்கினால் அடிநுனி உயிரோடு இருக்கிறது. கூச்சப்பட்டு அந்தப் பரிசோதனையை மறுக்காதீர்கள்.

தினமும் அஞ்சு தடவை டியூப் விட்டா உள்ள புண்ணாயிடாதா? கிருமி போகாதா?

பை நிரம்பும்போதெல்லாம் குழாயை விட்டுக் காலி செய்து, உடனே எடுத்துவிடும் முறை இது. 1972-க்கு முன்னால் டாக்டர்களுக்கும் இதே பயம்தான் இருந்தது. மருத்துவமனையில், கையுறை போட்டு, கிருமி நீக்கிய சாமானோடு மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்றிருந்தார்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்த லேபிடஸ் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர் அந்த ஆண்டு வேறுவிதமாகச் சொன்னார். கையையும் குழாயையும் சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமாகச் செய்தாலே போதும், நேரத்துக்குப் பை காலியாவதுதான் முக்கியம் என்றார். அவர் காரணம் எளிமையானது. அளவுக்கு மீறி விரிந்த பைச்சுவரில் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத இடத்தில்தான் கிருமி வேரூன்றும். குழாயோடு கொஞ்சம் கிருமி உள்ளே போனாலும், நான்கு மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டால் அது குடியேற நேரமில்லை. சுத்தமான குழாயை அவ்வப்போது விட்டு எடுக்கும் இந்த முறையைத்தான் சி.ஐ.சி. என்று எங்கள் வார்டில் சொல்கிறோம்.

செய்முறையைப் படித்துக் கற்கமுடியாது, பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லித்தர வேண்டும். ஆனால் வீட்டுக்குப் போனதும் மறக்கிற சிலதைச் சொல்கிறேன். ஆண்களுக்கு 12 அல்லது 14 அளவுக் குழாய் சரியாக இருக்கும். ஜெல்லியைத் தாராளமாகத் தடவுங்கள். மோதிரம் இருக்கும் இடத்தில் குழாய் தட்டி நிற்கும். அங்கே முட்டித் தள்ளினால்தான் ரத்தம் வரும். மெல்ல அழுத்தியபடி ஒரு நிமிடம் பொறுங்கள், இறுக்கம் விட்டதும் தானே நழுவிப்போகும். சிறுநீர் வந்ததும் இன்னும் இரண்டு விரல்கடை உள்ளே விடுங்கள். நின்றதும் உடனே இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுங்கள். நடுவில் மறுபடி வந்தால் நிறுத்துங்கள். அடியில் தேங்கும் கடைசி 50 மில்லி பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான் விட்டுப்போகிறது.

குழாய் ஒருமுறை உபயோகத்துக்கு என்றுதான் விற்கிறார்கள். முடிந்தவர்கள் அப்படியே செய்யுங்கள். முடியாத வீடுகளில் உள்ளும் புறமும் சோப்புத் தண்ணீரில் அலசி, ஓடும் நீரில் கழுவி, உள்ளே ஈரம் போகும்வரை உதறி உலர்த்தி, மூடிய சுத்தமான டப்பாவில் வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். ஒருவர் குழாய் இன்னொருவருக்கு ஆகாது. சொரசொரப்போ விறைப்போ தெரிந்த அன்றே தூக்கிப்போடுங்கள்.

வெளியே தொங்குற பையோட டியூபை அப்படியே உள்ளயே விட்டுட்டா வேலை மிச்சம்தானே?

அழுத்தத்துக்கு அதுவும் நல்லதுதான். வழி எப்போதும் திறந்திருக்கிறது. கை வராதவர்களுக்கும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்கும் வேறு வழியில்லாமல் அதையே வைக்கிறோம். ஆனால் உள்ளேயே கிடக்கும் குழாயின் மேல் கிருமிகள் பாசி போலப் படர்கின்றன. அதைச் சுற்றிக் கல் சேரும். ஆண்களுக்குக் குழாய் அழுத்தும் இடத்தில் சிறுநீர்வழி புண்ணாகிக் கிழியும். பல வருடம் வைத்தவர்களுக்குப் பைச் சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. நீண்ட நாள் தேவைப்பட்டால், அடிவயிறு வழியாகப் போடும் டியூப் சிறுநீர்வழியையாவது காப்பாற்றும். கை நன்றாக இருக்கும் ஆளுக்கு நான் சி.ஐ.சி.யைத்தான் சொல்வேன்.

எத்தனை மணிக்கு ஒரு தடவை எடுக்கணும்? நாலு மணின்னா நாலு மணியேதானா?

கடிகாரத்தைவிட அளவைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 400 மில்லிக்குள் வந்தால் நல்லது, 500-ஐத் தாண்டவே கூடாது. அதற்கு மூன்று நாள் ஒரு நோட்டில் நேரமும் அளவும் எழுதுங்கள். கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை போதும்.

அந்தத் தம்பியின் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: காலை 6 மணிக்கு 620, 11 மணிக்கு 250, மாலை 3 மணிக்கு 220, இரவு 7 மணிக்கு 300, 10.30-க்கு 410. மொத்தம் 1,800 மில்லி. மொத்தம் சரியான அளவுதான், பகலும் சரி. இரவில்தான் பை பிதுங்குகிறது. அவர் தண்ணீரைக் குறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தார். காரணம் வேறு. பகல் முழுக்கச் சக்கர நாற்காலியில் கால் தொங்குவதால் நீர் காலில் இறங்கித் தங்குகிறது. சாயங்காலம் அவர் பாதத்தை அமுக்கினால் குழி விழும். படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் அதை இரவில் இறக்குகிறது. போதாததற்கு மலைக்குளிரும் சேர்ந்துகொண்டது; குளிரில் சிறுநீர் கூடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் காலை உயரத் தூக்கிப் படுக்கச் சொன்னோம். ஏழு மணிக்கு மேல் குடித்த காப்பியை நிறுத்தினார். சில வாரம் விடிகாலை 2 மணிக்கு அலாரம் வைத்து ஒருமுறை எடுத்தார். அப்புறம் காலை அளவு 420-க்கு வந்ததும் அலாரத்தை விட்டுவிட்டார். சேலத்தில் மே மாத வெயிலில் வேர்த்துப் போனால் இதே ஆளுக்குக் கணக்கு மாறும். சீசன் மாறும்போது மறுபடி மூன்று நாள் எழுதுங்கள்.

மாத்திரை போட்டா வாய் காய்ஞ்சு போகுது. டியூப்தான் விடுறோமே, மாத்திரையை நிறுத்திடலாமா?

டியூப் காலி செய்கிறது. இரண்டு டியூபுக்கு நடுவே உள்ள நான்கு மணி நேரத்தில் பை சுருங்கி முட்டாமல் பார்த்துக்கொள்வது மாத்திரை. ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சாலிஃபெனசின் எல்லாம் இந்த வேலைக்குத்தான். பைச் சுவருக்கு நரம்பு அனுப்பும் சுருங்கு என்ற செய்தியை அவை மறிக்கின்றன. அதே செய்திதான் எச்சில் சுரப்பிக்கும் குடலுக்கும் போகிறது. வாய் காய்வதும் மலம் கட்டுவதும் அதனால் வருபவை. நிறுத்தினால் முன்பு சொன்ன அந்த 75 திரும்பி வரும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

தாங்க முடியாவிட்டால் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. வேறு மாத்திரைக்கு மாற்றலாம். வேறு வழியில் வேலை செய்யும் மிராபெக்ரான் சேர்க்கலாம். எதுவும் போதாதபோது பைச் சுவரில் போட்டாக்ஸ் ஊசி போடுவார்கள். நரம்புக் கோளாறுக்கு வழக்கமான அளவு 200 யூனிட். பல மாதம் நிற்கும், பின் மறுபடி போட வேண்டும், செலவும் உண்டு. அதற்கும் அடங்காத சிலருக்குக் குடலில் ஒரு துண்டை எடுத்துத் தைத்துப் பையைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.

அந்தத் தம்பி ஆக்ஸிபியூட்டினினையே தொடர்ந்தார். ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது 400 மில்லியில் அழுத்தம் 30-க்குக் கீழே இருந்தது. சிறுநீரக வீக்கமும் வடிந்திருந்தது.

மூத்திரம் கலங்கலா இருக்கு, டெஸ்ட்ல கிருமின்னு வந்திருக்கு. ஊசி போட்டுடலாமா?

உடம்புக்கு வேறு தொந்தரவு இல்லையென்றால் வேண்டாம். டியூப் விடும் பலருக்கும் எப்போது சோதித்தாலும் கிருமி தெரியும். அதற்கெல்லாம் மருந்து கொடுத்தால், மருந்துக்கு அசையாத கிருமி மட்டும் மிஞ்சும். தண்ணீர் சரியாகக் குடித்து, நேரத்துக்கு எடுத்து, இரண்டு நாள் பாருங்கள்.

காய்ச்சல், குளிர், இடுப்பு மேல் வலி, சிறுநீரில் ரத்தம், நேற்றுவரை இல்லாத ஒழுகல், கால் இழுப்பு திடீரெனக் கூடுவது: இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். எரிச்சல் தெரியாத உடம்புக்குக் கால் இழுப்பும் ஒழுகலும்தான் எரிச்சலுக்குப் பதிலாக வருபவை. அடிக்கடி காய்ச்சல் வந்தால் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்க அண்ணனுக்குக் கழுத்துல அடி. பை நிரம்பினா தலை வெடிக்கிற மாதிரி வலிக்குது, மூஞ்சி சிவந்து வேர்க்குது. இது என்ன?

இது அவசரம். டி6 அல்லது அதற்கு மேல் அடிபட்டவர்களுக்குப் பை பிதுங்கும்போது, அடிக்குக் கீழே உள்ள ரத்தக்குழாய்கள் எல்லாம் கட்டுப்பாடில்லாமல் இறுகி, ரத்த அழுத்தம் வேகமாக ஏறும். அதைத் தணிக்கும் மூளையின் கட்டளை கீழே போய்ச் சேராது. மூளையில் ரத்தம் கசியும் அளவுக்கும் போகலாம்.

உடனே நேராக உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். இடுப்புப் பட்டை, இறுக்கமான துணி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். பையைக் காலி செய்யுங்கள். டியூப் ஏற்கெனவே இருந்தால் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் சில நிமிடத்தில் தணியாவிட்டால் வண்டி பிடியுங்கள். மலம் கட்டியிருந்தாலும் இது வரும். இவர்களுக்குச் சாதாரண நாளில் மேல் அழுத்தம் 90, 100 என்றுதான் இருக்கும். 140 என்று பார்த்துவிட்டு இது ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால், வழக்கமான அளவைச் சொல்லுங்கள். அதை ஒரு சீட்டில் எழுதி அண்ணன் சட்டைப்பையில் வையுங்கள்.

தம்பிக்கு அடி டி8-ல் என்பதால் இந்த ஆபத்து அவருக்குக் கிட்டத்தட்ட இல்லை.

ஒரு வருஷமா நல்லா இருக்கார், கிரியேட்டினினும் நார்மல். இன்னும் ஸ்கேன் எதுக்கு?

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது. கால் தசை கரைந்துபோன உடம்பில் அது இயல்பாகவே குறைவாகத்தான் உற்பத்தியாகும். அதனால் சிறுநீரகம் பாதி கெட்ட பிறகும் தாளில் நார்மல் என்று வரலாம். அடிபட்டதிலிருந்து அவருடைய சொந்த அளவு 0.5-ஆக இருந்து இப்போது 0.9 என்றால், ஆய்வகம் அதில் கோடு போடாது. நாம் போட வேண்டும். பழைய தாள்களை எறியாமல் தேதி வாரியாக வைத்திருங்கள்.

வயிற்று ஸ்கேன் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை, டாக்டர் சொன்னபடி. டியூபுக்கு நடுவே புதிதாக ஒழுகினாலோ காய்ச்சல் அடிக்கடி வந்தாலோ அழுத்தச் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். மாத்திரையின் பிடி காலப்போக்கில் தளர்வதுண்டு.

ஸ்கேனுக்குப் போகும்போது டியூபையும் ஜெல்லியையும் கையோடு எடுத்துப்போங்கள். தண்ணீர் குடித்துக் காத்திருக்கச் சொல்வார்கள், மலையிலிருந்து இறங்கி வரும் நேரமும் சேர்ந்து பை பிதுங்கிவிடும். நிரம்பிய பையோடு பார்த்தால் நல்ல சிறுநீரகம்கூட லேசாக வீங்கித் தெரியலாம். பார்ப்பவரிடம் சொல்லி, காலி செய்த பிறகு இன்னொருமுறை சிறுநீரகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு அளவையும் தாளில் எழுதி வாங்குங்கள்.